அலுவலகம், வீடு, கணவரின் பணிமுறை: நாட்காட்டிகளை எப்படிப் பிரித்து, யாருடன் எந்த அளவுக்குப் பகிர்வது?

சிறுவாணி எழுதியது:

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் நிறுவனத்தில் கூகுள் கணக்குதான். அந்த அலுவலகக் கணக்கின் ஒரே நாட்காட்டியில் எல்லாவற்றையும் பதிந்து, கூட்டத்திற்கு நீலம், மகளின் பள்ளிக்கு மஞ்சள், மருத்துவமனைக்குச் சிவப்பு, கட்டணங்களுக்குப் பச்சை என்று ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக நிறம் கொடுத்து வருகிறேன்.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. "அத்தை பிசியோதெரபி" என்று நான் எழுதுவதை என் குழுவில் உள்ள அனைவரும் படிக்க முடிகிறது. ஆனால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டிய என் கணவருக்கு அது தெரிவதில்லை. அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிகிறார். ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, அதற்கடுத்த வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை என்று அவருடைய பணி நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அத்தைக்குச் செவ்வாய், வெள்ளி மாலை 5.30 மணிக்குப் பிசியோதெரபி. யார் அழைத்துச் செல்வது என்பதை ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் பேசித்தான் முடிவு செய்கிறோம்.

அவருடைய நாட்காட்டியை என்னுடையதோடு சேர்த்துப் பார்த்தபோது வாரப் பக்கம் முழுவதும் கட்டங்களால் நிறைந்துவிட்டது. அலுவலகத்துக்கு வீட்டு விவரம் தெரியக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கூட்டம் வைக்கக் கூடாது என்பது தெரிய வேண்டும். வீட்டில் இருவருக்கும் எல்லாம் தெரிய வேண்டும். ஆனால் திரை நெரிசலாக இருக்கக் கூடாது. இதற்கு எத்தனை நாட்காட்டிகள் தேவைப்படும்? நிறங்களை எந்த அடிப்படையில் கொடுப்பது?

---

ஊர்க்குருவி எழுதியது:

சிறுவாணி அவர்களே, ஒரே நாட்காட்டியில் எல்லாவற்றையும் வைத்திருப்பதுதான் அடிப்படைச் சிக்கல். உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் பள்ளி, மருத்துவம், கட்டணங்கள், வாகனம், பண்டிகைகள், கணவரின் பணிமுறை என்று பொருளுக்கு ஒன்றாகத் தனித்தனி நாட்காட்டிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள். கணினியில் இடப்பக்கம் Other calendars என்பதற்கு அருகில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் Create new calendar என்று வரும்.

பின்னர் அவை ஒவ்வொன்றையும் உங்கள் அலுவலக முகவரிக்கு See only free/busy என்ற அளவில் பகிர்ந்துவிடுங்கள். அலுவலகத்தில் தலைப்பு எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் ஓய்வாக இல்லை என்பது மட்டும் உங்கள் குழுவினருக்குத் தெரியும். நீங்கள் கேட்ட இரண்டும் நிறைவேறிவிடும்.

---

கடல்நுரை எழுதியது:

ஒரு கல்வி நிறுவனத்தில் நாட்காட்டிக் கணக்குகளை நிர்வகிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஊர்க்குருவி சொன்னதில் சொந்தக் கணக்கில் புதிய நாட்காட்டி தொடங்கச் சொன்னது சரி. குடும்ப நாட்காட்டி அலுவலகக் கணக்கில் இருந்தால், வேலை மாறும் நாளில் அந்தக் கணக்கோடு அதுவும் கைவிட்டுப் போகும். ஆனால் அவர் சொன்ன பகிர்வு முறை நீங்கள் எதிர்பார்க்கும் பயனைத் தராது.

உங்களுக்குக் கூட்டம் வைக்க விரும்பும் சக ஊழியர் Find a time பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் அலுவலகக் கணக்கின் முதன்மை நாட்காட்டியில் உள்ள பதிவுகள் மட்டுமே அங்கே தெரியும். அதே கணக்கில் நீங்கள் உருவாக்கிய இரண்டாவது நாட்காட்டி அங்கே கணக்கில் வராது. வெளியிலிருந்து உங்களுக்குப் பகிரப்பட்ட நாட்காட்டியும் வராது. எனவே ஜிமெயில் நாட்காட்டியை அலுவலக முகவரிக்குப் பகிர்ந்தால், அது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். உங்கள் குழுவினர் பார்க்கும்போது செவ்வாய் மாலை 5.30 காலியாகவே இருக்கும். இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. நீங்கள் நம்பும் ஒரு சக ஊழியரிடம், உங்களைச் சேர்த்து ஒரு கூட்டம் தொடங்குவதுபோல Find a time பக்கத்தைத் திறந்து, சேமிக்காமல் அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

அலுவலகத்தில் நேரம் அடைபட வேண்டுமென்றால், அந்த முதன்மை நாட்காட்டியிலேயே ஒரு பதிவு இருந்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குடும்ப நாட்காட்டியில் உள்ள பதிவுக்கு உங்கள் அலுவலக முகவரியை விருந்தினராகச் சேர்ப்பது. அப்போது அதன் நகல் அலுவலக நாட்காட்டிக்கு வரும். அங்கே அதைத் திறந்து Private என்றும் Busy என்றும் மாற்றிவிட்டால், மற்றவர்களுக்கு நேரம் மட்டுமே தெரியும். மூலப் பதிவின் நேரம் மாறினால் நகலும் தானாக மாறும். மற்றொன்று, "வெளிவேலை" என்று பொதுவாகத் தலைப்பிட்டு அலுவலக நாட்காட்டியில் கையாலேயே ஒரு பதிவு போடுவது. இதில் வீட்டு விவரம் அலுவலகத்துக்குள் வரவே வராது. ஆனால் நேரம் மாறினால் இரண்டு இடங்களிலும் நீங்களே மாற்ற வேண்டும்.

Private என்பதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. உங்கள் நாட்காட்டியைத் திருத்தும் உரிமையை யாருக்காவது கொடுத்திருந்தால், அவர் அந்தப் பதிவின் விவரத்தை முழுமையாகப் பார்க்க முடியும்.

நாட்காட்டிகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கச் சொன்னதிலும் எனக்கு உடன்பாடில்லை. பகிர்வு உரிமை நாட்காட்டிக்குத்தான் கொடுக்கப்படுகிறது என்பதால், அதை யார் பார்க்க வேண்டும் என்பதுதான் பிரிப்பதற்கான ஒரே நல்ல அளவுகோல். பள்ளி, மருத்துவம், கட்டணங்கள் ஆகிய மூன்றையும் நீங்கள் இருவர் மட்டுமே பார்க்கப் போகிறீர்கள் என்றால், அவற்றை மூன்றாகப் பிரித்துப் பகிர்வதில் பயனில்லை. மூன்று முறை பகிர வேண்டும், மூன்று முறை நினைவூட்டல் அமைக்க வேண்டும்; புதிய பதிவு போடும் ஒவ்வொரு முறையும் எதில் போடுவது என்று தயங்க வேண்டும். பதிவு தவறான நாட்காட்டிக்குள் போய்விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தயக்கம்தான்.

---

மழைமுகில் எழுதியது:

எனக்கும் இதே சிக்கல்தான். என் மனைவி அவருடைய நாட்காட்டியை எனக்குப் பகிர்ந்திருக்கிறார். கணினியில் தெரிகிறது, என் ஐபோனில் உள்ள நாட்காட்டிச் செயலியில் தெரியவே இல்லை. நிறத்தை மாற்றிப் பார்த்தேன், கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தும் பார்த்தேன். பகிர்வதில் ஏதேனும் தவறா?

---

கடல்நுரை எழுதியது:

மழைமுகில், சிறுவாணி கேட்பது வேறு. ஆனாலும் உங்கள் சிக்கலுக்குத் தீர்வு எளியது. ஆப்பிள் செயலியில் கூகுள் கணக்கைச் சேர்க்கும்போது, உங்கள் சொந்த நாட்காட்டிகள் வந்துவிடும். பிறர் பகிர்ந்தவை நீங்கள் அனுமதித்தால்தான் வரும். உலாவியில் உங்கள் கணக்கோடு கீழ்க்கண்ட பக்கத்தைத் திறந்து, மனைவியின் நாட்காட்டிக்கு எதிரே குறியிட்டுச் சேமியுங்கள்.

```
https://calendar.google.com/calendar/syncselect
```

சிறிது நேரத்தில் ஐபோனில் தெரியும். கூகுளின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துவோருக்கு இது தேவைப்படாது.

---

நெல்லைச்சீமை எழுதியது:

நிறத்தைப் பற்றி இதுவரை யாரும் விரிவாகப் பேசவில்லை. கேள்வியின் பாதி அதுதான் என்பதால் என் கருத்தை எழுதுகிறேன்.

கூகுள் கேலண்டரில் நாட்காட்டியின் நிறம், பார்ப்பவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. நீங்கள் குடும்ப நாட்காட்டியை ஆரஞ்சு நிறத்தில் வைத்திருந்தாலும், உங்கள் கணவர் தம் பக்கத்தில் அதை ஊதாவாக மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றம் உங்களைப் பாதிக்காது. எனவே "ஆரஞ்சில் இருப்பதைப் பாருங்கள்" என்று சொல்வதில் பொருள் இல்லை. ஒருவருக்கொருவர் பேசும்போது நாட்காட்டியின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், பெயர் குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்.

இரண்டாவதாக, தனிப்பட்ட ஒரு பதிவுக்கு நிறம் கொடுத்தால், அது நாட்காட்டியின் நிறத்தை மறைத்துவிடும். சிறுவாணி இப்போது செய்துவருவது இதுதான். நாட்காட்டிகளைப் பிரித்த பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தால், ஒரு மஞ்சள் கட்டம் எந்த நாட்காட்டியைச் சேர்ந்தது என்பதைத் திறந்து பார்த்துத்தான் அறிய முடியும். பிரித்ததன் பயன் அங்கேயே போய்விடும். எனவே பழைய பதிவுகளை இடம் மாற்றும்போது, அவற்றின் நிறத்தை நாட்காட்டியின் இயல்பு நிறத்துக்குத் திருப்பிவிடுவது நல்லது.

என் அண்ணனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். எங்கள் வீட்டு நாட்காட்டியை அவரும் பார்க்க வேண்டியிருந்ததால், அடர்த்தியை அடிப்படையாக வைத்தோம். நான் நேரில் இருந்தாக வேண்டியவை அடர்ந்த நிறத்தில். தெரிந்துகொண்டால் போதும் என்பவை வெளிறிய நிறத்தில், முடிந்தால் சாம்பலில். இந்த இரண்டு அடர்த்திகளைத் திரையைப் பார்த்தவுடனே யாராலும் பிரித்தறிய முடிகிறது. பத்து நிறங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பொருளையும் நினைவில் வைத்திருப்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இன்னொன்று: இந்திய விடுமுறை நாட்காட்டி இயல்பாகவே பல அனுசரிப்பு நாட்களையும் சேர்த்துக் காட்டும். அதன் அமைப்புக்குள் சென்று Public holidays only என்பதைத் தேர்ந்தெடுத்தால் அரசு விடுமுறைகள் மட்டும் நிற்கும். திரையின் மேல்வரிசை நெரிசல் அதிலேயே கணிசமாகக் குறையும்.

---

சிறுவாணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடல்நுரை சொன்ன சோதனையைத் தோழியிடம் சொல்லிச் செய்து பார்த்தேன். அவர் சொன்னதுபோலவே என் ஜிமெயில் பதிவு தோழியின் பக்கத்தில் தெரியவில்லை.

இப்போது என் ஜிமெயிலில் "குடும்பம்" என்று ஒரு நாட்காட்டி தொடங்கி, கணவருக்குத் திருத்தும் உரிமையோடு பகிர்ந்திருக்கிறேன். அவருடைய பணி நேரத்தை அதில் பதியத் தொடங்கியபோது மீண்டும் பழைய சிக்கல் வந்தது. தினமும் எட்டு மணி நேரக் கட்டம் ஒன்று நிற்கிறது. இரவுப் பணி இரண்டு நாட்களில் பாதி பாதியாக உடைந்து தெரிகிறது. அதன் நடுவே பிசியோதெரபியின் ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. மேலும், அவருடைய ஒவ்வொரு பணி நேரத்துக்கும் முன்னதாக என் கைபேசியும் ஒலிக்கிறது. இதை எப்படிச் சரி செய்வது?

---

கடல்நுரை எழுதியது:

உங்கள் வீட்டுக்கு உரிய முறையை முழுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஏற்புடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை சொன்ன அடர்த்தி முறையை ஒட்டி, வீட்டுக்கு இரண்டு நாட்காட்டிகள் வைத்துக்கொள்ளலாம். "குடும்பம்" என்பதில் யாராவது ஒருவர் நேரில் போக வேண்டியவை மட்டும் இருக்கட்டும்: பிசியோதெரபி, பள்ளிப் பெற்றோர் கூட்டம், மருத்துவரைப் பார்ப்பது போன்றவை. "வீட்டுத் தகவல்" என்பதில் கணவரின் பணிமுறை, பள்ளி விடுமுறை, மின்கட்டணக் கடைசி நாள் ஆகியவை இருக்கட்டும். பார்ப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் என்றாலும், இரண்டாவதை வேண்டாதபோது மறைத்து வைக்கலாம் என்பதற்காகவே இந்தப் பிரிவு. யார் பார்க்க வேண்டும் என்பதே ஒரே அளவுகோல் என்று முன்பு எழுதினேன். எப்போது மறைக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்காட்டியின் பெயருக்கு அருகில் உள்ள குறியை எடுத்தால் அது உங்கள் திரையில் மட்டும் மறையும். கணவரின் திரையில் அப்படியே இருக்கும்.

பணிமுறையை நேரக் கட்டமாகப் பதியாமல், முழுநாள் பதிவாகப் போடுங்கள். அப்போது அது வாரப் பக்கத்தின் உச்சியில் மெல்லிய பட்டையாக நிற்கும். கீழே உள்ள நேரப் பகுதி முழுவதும் காலியாக இருக்கும். "இரவு 10–6" என்று பணி தொடங்கும் நாளின் மேல் எழுதிவிட்டால், இரண்டாக உடையும் சிக்கலும் இல்லை. முழுநாள் பதிவு இயல்பாகவே Free என்ற நிலையில் உருவாகும் என்பதால், அது நேரத்தை அடைக்காது. தகவலாக மட்டுமே இருக்கும்.

சுழற்சி மூன்று வாரங்களுக்கு ஒருமுறை திரும்புவதால், மூன்று தொடர்கள் போதும். காலைப் பணி வாரத்தின் திங்கட்கிழமையில் ஒரு பதிவு தொடங்கி, Custom என்பதில் 3 வாரத்துக்கு ஒருமுறை என்று கொடுத்து, பணி நாட்களைக் குறியுங்கள். பிற்பகல், இரவு வாரங்களுக்கும் அவ்வாறே செய்யுங்கள். திங்கள் முதல் சனி வரை ஒரே நீண்ட பட்டையாகவும் போடலாம். பார்க்க அது இன்னும் அமைதியாக இருக்கும். ஆனால் அவர் சக ஊழியருடன் ஒரு நாள் பணியை மாற்றிக்கொண்டால், நீண்ட பட்டையில் அந்த நாளை மட்டும் திருத்த முடியாது. நாள்வாரியாக இருந்தால், அந்த நாளைத் திருத்தி This event என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஆய்வகப் பணியில் இப்படி மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதால், உங்களுக்கு நாள்வாரி முறையே பொருந்தும்.

இனி பிசியோதெரபி. காலைப் பணி வாரத்தில் அவர் 2 மணிக்கே வந்துவிடுகிறார். இரவுப் பணி வாரத்தில் 10 மணிக்குத்தான் கிளம்புகிறார். ஆக, மாலை 5.30 மணிக்கு அவரால் போகவே முடியாதது பிற்பகல் பணி வாரத்தில் மட்டும்தான். எனவே பிசியோதெரபியை ஒரே தொடராகப் போடாமல், அதையும் மூன்று வாரச் சுழற்சியிலேயே மூன்று தொடர்களாகப் போட்டு, தலைப்பின் முதலிலேயே போகிறவரின் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயருள்ள தொடருக்கு மட்டும் அலுவலக முகவரியை விருந்தினராகச் சேர்த்து, அலுவலகப் பக்கத்தில் Private ஆக்குங்கள். பயண நேரத்தையும் சேர்த்து 5 முதல் 7 வரை என்று பதிவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், இல்லையென்றால் 4.45 மணிக்கு ஒரு கூட்டம் வந்து நிற்கும். இப்படிச் செய்தால் மூன்று வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே அலுவலகத்தில் அடைபடும். மற்ற நான்கு மாலைகளும் திறந்திருக்கும்.

கணவரை இந்தப் பதிவுகளுக்கு விருந்தினராகச் சேர்க்க வேண்டாம். குடும்ப நாட்காட்டி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. விருந்தினராகவும் சேர்த்தால், அவருடைய முதன்மை நாட்காட்டியிலும் ஒரு நகல் விழுந்து, ஒரே பதிவு அவருக்கு இரண்டு முறை தோன்றும். பகிர்ந்த பிறகும் நெரிசல் குறையவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு இதுவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நினைவூட்டலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாட்காட்டிக்கும் ஒவ்வொருவரும் தனியாக அமைத்துக்கொள்ளலாம். "வீட்டுத் தகவல்" நாட்காட்டியின் அமைப்பில், நேரப் பதிவுகளுக்கும் முழுநாள் பதிவுகளுக்கும் இரண்டு தனி இடங்களில் நினைவூட்டல் இருக்கும். உங்கள் பக்கத்தில் இரண்டையும் நீக்கிவிடுங்கள். கணவர் தம் பக்கத்தில் வைத்திருக்கும் நினைவூட்டல் அவருக்கு மட்டும் ஒலிக்கும். அதே பக்கத்தில் சற்றுக் கீழே, புதிய பதிவு வந்தால் மின்னஞ்சல் அனுப்புவதற்கான அமைப்பும் உண்டு. அது None என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வழிப்போக்கன் எழுதியது:

அலுவலக முகவரியை விருந்தினராகச் சேர்க்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. Private என்று மாற்றினாலும், அது சக ஊழியர்களுக்குத்தான் மறைவு. அத்தையின் சிகிச்சை பற்றிய தலைப்பு, நிறுவனம் நிர்வகிக்கும் கணக்கில் போய்த் தங்குகிறது. அழைப்பு வந்து, நீங்கள் திறந்து Private ஆக்கும் வரையிலான இடைவெளியில், நிறுவனத்தின் இயல்பான அமைப்பு முழு விவரமும் காட்டுவதாக இருந்தால், அதைக் குழுவினரும் பார்க்கலாம். வீட்டாரின் உடல்நலம் சார்ந்த எதையும் அலுவலகக் கணக்குக்குள் அனுப்பாமல் இருப்பதே முறை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பும் ஒரு தொடரைக் கையால் பதிவது பெரிய வேலை அல்ல.

---

கடல்நுரை எழுதியது:

வழிப்போக்கனின் எச்சரிக்கை நியாயமானது. குடும்ப நாட்காட்டியிலேயே தலைப்பைப் பொதுவாக எழுதினால் பாதி தீரும். ஆனால் அப்போது வீட்டில் பார்ப்பவர்களுக்கு விவரம் குறையும். என் அனுபவத்தில், கையால் பதிந்த நகல்கள் ஒருமுறை நேரம் மாறியதும் தவறிப்போகின்றன. பிசியோதெரபி நிலையம் 5.30 மணியை 6.30 ஆக்கினால், குடும்ப நாட்காட்டியில் மாற்றுபவர் கணவராகவும் இருக்கலாம். அலுவலக நகலை மாற்ற வேண்டும் என்பது அவர் நினைவுக்கு வராது. எது பெரிய இழப்பு என்பதைச் சிறுவாணிதான் முடிவு செய்ய வேண்டும். நேரம் அடிக்கடி மாறாத பதிவு என்றால், நானும் வழிப்போக்கன் பக்கமே சாய்வேன்.

---

ஊர்க்குருவி எழுதியது:

முதன்மை நாட்காட்டி பற்றிய விளக்கத்துக்கு நன்றி, இதை நான் அறிந்திருக்கவில்லை. என் பங்குக்கு ஒரு யோசனை: அத்தையின் மகள், மகன் என்று வெளியூரில் உள்ள உறவினர்களும் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் தனியாகப் பகிர வேண்டாம். நாட்காட்டி அமைப்பின் அடியில் Secret address in iCal format என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் எல்லோரும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

கடல்நுரை எழுதியது:

அந்த இணைப்பைக் குழுவில் போடாதீர்கள். அது யார் கையில் இருந்தாலும், கணக்கு எதுவும் கேட்காமல், அந்த நாட்காட்டியின் எல்லாப் பதிவுகளையும் முழு விவரத்தோடு காட்டும். யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைக்காது. குழுவிலிருந்து ஒருவர் விலகினாலும் இணைப்பு அவரிடம் இருக்கும். ஏற்கெனவே எங்காவது போட்டிருந்தால், அதே இடத்தில் Reset என்பதை அழுத்தினால் பழைய இணைப்பு செயலற்றுவிடும்.

அந்த வழியில் இன்னொரு குறையும் உண்டு. இணைப்பு மூலம் சேர்த்த நாட்காட்டியில் மாற்றங்கள் உடனே வருவதில்லை. கூகுள் கேலண்டரில் அது புதுப்பிக்கப்பட 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். இன்று மாலைச் சிகிச்சை ரத்தானது என்பது உறவினருக்கு நாளைதான் தெரியக்கூடும். ஒன்றிரண்டு பேர் என்றால், அவர்களுடைய மின்னஞ்சலுக்கு See all event details என்ற அளவில் பகிர்வதே பாதுகாப்பானது. அவர்களுக்கு வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் நாட்காட்டி அவர்கள் பட்டியலில் சேரும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பலர் அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

---

மழைமுகில் எழுதியது:

ஐபோனில் மனைவியின் நாட்காட்டி வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் அவர் முகநூல் நண்பர்களின் பிறந்தநாட்கள் முதல் தையல்காரரிடம் துணி வாங்கும் நாள் வரை அனைத்தையும் ஒரே நாட்காட்டியில் வைத்திருக்கிறார். இப்போது என் திரையும் நிறைந்துவிட்டது. நாட்காட்டியைப் பிரிப்பது பற்றி மேலே எழுதியிருப்பதை அவரையும் படிக்கச் சொல்கிறேன்.

---

சிறுவாணி எழுதியது:

கடல்நுரை சொன்ன முறையில் மாற்றி அமைத்துவிட்டேன். என் திரையில் அலுவலகம் அடர்நீலம், "குடும்பம்" அடர்ந்த ஆரஞ்சு, "வீட்டுத் தகவல்" சாம்பல். என் கணவர் "குடும்பம்" என்பதைத் தம் பக்கத்தில் பச்சையாக வைத்துக்கொண்டார்; தலைப்பின் முதலில் பெயர் இருப்பதால் அதில் குழப்பம் எதுவும் இல்லை. வாரப் பக்கத்தின் உச்சியில் அவருடைய பணிமுறை மெல்லிய வரிசையாக நிற்பது இருவருக்கும் பிடித்திருக்கிறது.

அலுவலகப் பதிவைப் பொறுத்தவரை வழிப்போக்கன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். பிற்பகல் பணி வாரத்தின் செவ்வாய், வெள்ளி மாலைகளை "வெளிவேலை" என்று கையாலேயே பதிந்து, மூன்று வாரச் சுழற்சி கொடுத்துவிட்டேன். அத்தையின் உடல்நலம் என் அலுவலகக் கணக்கில் எந்த வடிவிலும் இருப்பதை நான் விரும்பவில்லை. நேரம் மாறினால் தவறிப்போகும் என்ற அபாயத்தை அறிந்தே இதைத் தேர்ந்தெடுக்கிறேன். குடும்ப நாட்காட்டிப் பதிவின் விளக்கப் பகுதியில் "நேரம் மாற்றினால் சொல்லவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், தன் தேர்வுகளையும் நடன வகுப்பையும் தானே பதிய விரும்புகிறாள். அவளுக்குக் குடும்ப நாட்காட்டியில் திருத்தும் உரிமை கொடுக்கலாமா? தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் என்ன செய்வது?

---

நெல்லைச்சீமை எழுதியது:

அழித்த பதிவுகள் அந்த நாட்காட்டியின் குப்பைத் தொட்டியில் ஏறக்குறைய 30 நாட்கள் இருக்கும். கணினியில் திறந்து மீட்டுக்கொள்ளலாம். தொடர் முழுவதையும் அழித்தாலும் மீட்க முடியும். ஆனால் யாரும் கவனிக்காமல் அந்தக் காலம் கடந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று தனி நாட்காட்டி வைத்து, அதில் மட்டும் திருத்தும் உரிமை கொடுத்தோம். குடும்ப நாட்காட்டியை அவர்கள் பார்க்க மட்டும் முடியும்.

---

வழிப்போக்கன் எழுதியது:

என் கருத்து வேறு. தனி நாட்காட்டி என்றால் நான்காவதாக ஒரு நிறம் சேரும். அவளுடைய நடன வகுப்புக்கும் யாராவது ஒருவர்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதால் அது "குடும்பம்" என்பதற்கே உரியது. திருத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டு, முதல் சில வாரங்களுக்கு உங்கள் பக்கத்தில் மட்டும், பதிவு மாறினாலோ நீக்கப்பட்டாலோ மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கடல்நுரை None ஆக்கச் சொன்ன அதே பகுதியில்தான் அந்த அமைப்புகளும் இருக்கின்றன. பிசியோதெரபித் தொடரை அவள் தொட்டால் அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.